தரம் 1 அனுமதி: ஓப்பன் டே முதல் பற்றுச்சீட்டு வரை, திருகோணமலைத் தனியார் பாடசாலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் ஒரு தனியார் பாடசாலையின் தரம் 1 நிரம்புமா என்பதை அந்தப் பாடசாலை மட்டும் தீர்மானிப்பதில்லை. அரச பாடசாலைகளின் தரம் 1 பட்டியலும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. கோணேஸ்வரா இந்துக் கல்லூரிக்கோ சண்முகா இந்து மகளிர் கல்லூரிக்கோ விண்ணப்பித்துவிட்டு, கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற யோசனையோடு உங்கள் வாசலுக்கு வரும் பெற்றோரே அதிகம். அவர்கள் அன்றைக்கே "ஓம்" சொல்ல மாட்டார்கள், "இல்லை" என்றும் சொல்ல மாட்டார்கள். பல அலுவலகங்களில் இவர்களை "பிறகு பார்ப்பம் எண்டவை" என்று ஒதுக்கி, கொப்பியை மூடிவிடுகிறார்கள். இடங்கள் காலியாகப் போவது பெரும்பாலும் இங்கேதான். கீழே உள்ள படிமுறை காத்திருக்கும் இந்தப் பெற்றோரை நடுவில் வைத்தே எழுதப்பட்டது. மேல் வகுப்பு அனுமதிக்கும் முன்பள்ளி அனுமதிக்கும் இதில் சில பகுதிகள் பொருந்தலாம், ஆனால் அவற்றின் ஓட்டம் வேறு.

முதலில் கணக்கு, பிறகுதான் பதாகை

பதாகை அடிக்கக் கொடுக்கும் முன் எத்தனை இடம் நிரப்ப வேண்டும் என்பதைப் பின்னிருந்து முன்னோக்கிக் கணக்கிடுங்கள். ஒரு பாடசாலையை உதாரணத்துக்கு எடுப்போம். தரம் 1இல் 24 இடங்கள், கீழே அதன் சொந்த முன்பள்ளியில் 15 பிள்ளைகள். அந்த 15 பேரும் அப்படியே மேலே வருவார்கள் என்று எண்ணுவதே முதல் பிழை. முன்பள்ளிக்கு மட்டும் இங்கே விட்டு, தரம் 1க்கு அரச பாடசாலையைக் குறிவைத்திருக்கும் வீடுகள் எப்போதும் உண்டு. எனவே வெளியாட்களை அழைக்கும் முன், முன்பள்ளிப் பெற்றோர் ஒவ்வொருவரிடமும் வகுப்பு ஆசிரியையே நேரில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். நமது உதாரணத்தில் 9 பேர் உறுதி, 6 பேர் அரச பட்டியலுக்குக் காத்திருப்பு என்று வைத்துக்கொள்வோம். நிரப்ப வேண்டியது 15 இடம். அந்த 6 பேரும் இனி உங்கள் விசாரிப்புப் பதிவேட்டில் புதிதாக வந்தவர்களைப் போலவே ஏற வேண்டும்.

அடுத்தது விகிதம். கடந்த ஆண்டுப் பதிவு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் தொடக்கத்துக்கு ஓர் ஊகம் போதும்: நேரில் வந்து பார்ப்பவர்களில் மூன்றில் ஒருவர் பணம் கட்டுவார், வருவதாக நேரம் எடுத்தவர்களில் நான்கில் மூவர் வருவார், விசாரிப்பவர்களில் பாதிப் பேர் நேரம் எடுப்பார். அப்படியென்றால் 15 இடத்துக்கு 45 குடும்பங்கள் வந்து பார்க்க வேண்டும், அதற்கு 60 பேர் நேரம் எடுக்க வேண்டும், அதற்கு 120 விசாரிப்புகள் வேண்டும். ஒரு விசாரிப்புக்குச் சராசரி நான்கு முறை தொடர்பு என்றால் மொத்தம் 480. அதை 16 வாரங்களுக்குப் பரப்பினால் வாரத்துக்கு 30, வேலைநாளுக்கு 6. ஒருவர் நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் முடியும் வேலை இது. ஆனால் "நேரம் கிடைக்கும்போது எடுக்கிறேன்" என்று அலுவலக உதவியாளரிடம் விட்டால், பரீட்சைத்தாள் அச்சிடும் வாரத்தில் ஒரு கோலும் போகாது. பொறுப்பாளர் ஒருவரின் பெயரும், பதில் ஆள் ஒருவரின் பெயரும் இந்தக் கட்டத்திலேயே முடிவாக வேண்டும்.

திகதியைத் தெரிவது

தரம் 1 அனுமதிக்காகக் கல்வி அமைச்சு ஆண்டுதோறும் சுற்றறிக்கை வெளியிடுகிறது. விண்ணப்பம் ஏற்கும் காலம், நேர்முகப் பரீட்சை, தற்காலிகப் பட்டியல், மேன்முறையீடு, இறுதிப் பட்டியல் என்று அது படிப்படியாக நகரும். அண்மைய ஆண்டுகளில் பாடசாலைத் தவணைகளே இடம் மாறியதால், போன வருடத் திகதிகளை நம்பித் திட்டம் போடக் கூடாது. சுற்றறிக்கை வந்தவுடன் இந்த ஐந்து கட்டங்களையும் சுவர் நாட்காட்டியில் குறியுங்கள். முதல் ஓப்பன் டே, அரச விண்ணப்பங்கள் போய்ச் சேர்ந்து நேர்முகப் பரீட்சை தொடங்கும் முன் வரட்டும். அந்த இடைவெளியில் பெற்றோர் ஏற்கெனவே பிள்ளையின் பத்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபடி இருப்பார்கள். இரண்டாவது, தற்காலிகப் பட்டியல் ஒட்டப்பட்டு ஒரு வாரத்துக்குள். இரண்டையும் முன்கூட்டியே விளம்பரம் செய்தால் காத்திருப்பவர்கள் எல்லாரும் இரண்டாவதுக்கே வருவார்கள். அதனால் இரண்டாவதைப் பொதுவில் போடாமல், பதிவேட்டில் உள்ளவர்களுக்கு மட்டும் அழைப்பாக அனுப்புவது நல்லது.

கிழமை சனி, நேரம் காலை 9 முதல் 12 வரை. வெள்ளி மதியம் ஜும்ஆ, ஞாயிறு காலை திருப்பலியும் அறநெறி வகுப்பும். சனி மாலை என்றால் மூத்த பிள்ளையை ரியூசனுக்குக் கொண்டுபோகும் வீடுகள் வராது. ஒக்டோபர் கடைசியிலிருந்து மழைக்காலம் தொடங்கிவிடும். அந்தக் காலத்தில் திறந்தவெளியில் கூடாரம் போட்டு நிகழ்ச்சி வைப்பது சூதாட்டம்தான். நோன்பு மாதம் குறுக்கிட்டால் சிற்றுண்டியை விட்டுவிட்டு, நேரத்தை 11 மணிக்குள் முடியுங்கள்.

அழைப்பு எங்கிருந்து வருகிறது

இதில் அதிகம் மினக்கெட வேண்டாம். சுற்றியுள்ள முன்பள்ளிகளின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்கள், உங்கள் பாடசாலையில் ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் வீடுகள், பாடசாலையைச் சுற்றி நான்கைந்து சந்திகளில் பதாகை, முகநூலில் நகரம், உப்புவெளி, நிலாவெளி, சீனக்குடா, கிண்ணியா வரை எல்லை போட்ட ஒரு சிறு விளம்பரம். இவ்வளவு போதும். பதாகைக்கு உள்ளூராட்சி சபையின் அனுமதியைக் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் நாளே கழற்றப்படலாம். பிள்ளை அனுப்பினால் தரகு தருவதாக முன்பள்ளி ஆசிரியைகளிடம் பேசும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். ஊர் சிறியது, விஷயம் ஒரு வாரத்தில் பெற்றோரின் காதுக்குப் போகும், பிறகு அந்த ஆசிரியையின் நல்ல வார்த்தைக்கும் மதிப்பிருக்காது.

விளம்பரத்தில் எழுதும் ஒரு வரியில் மட்டும் மிகக் கவனம். கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவான சர்வதேசப் பாடசாலை, கல்வி அமைச்சின் அங்கீகாரம் பெற்ற தனியார் பாடசாலை ஆகாது. "அரச அங்கீகாரம் பெற்றது" என்று அடித்துவிட்டால், விவரம் தெரிந்த ஒரு தகப்பன் ஓப்பன் டேயில் எழுந்து கேட்கும்போது அதிபருக்குப் பதில் இருக்காது. உங்கள் பிள்ளைகள் எந்தப் பாடத்திட்டத்தில், எந்த மொழியில், எந்தப் பரீட்சைக்குத் தோற்றுவார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள்.

பதிவேடு

விசாரிப்பு எந்த வழியாக வந்தாலும் ஒரே இடத்தில் ஏற வேண்டும். வாசல் காவலாளியிடம் கேட்டுவிட்டுப் போனவர், முகநூலில் "கட்டணம் எவ்வளவு" என்று எழுதியவர், அதிபருக்கு நேரடியாகக் கோல் எடுத்த உறவினர் என்று எல்லாரும். கூகுள் ஷீட்ஸ் போதும், தனி மென்பொருள் தேவையில்லை. நிரல்கள் இவை: A விசாரித்த திகதி, B பிள்ளையின் பெயர், C பிறந்த திகதி, D தரம், E பெற்றோர், F தொலைபேசி, G ஊர், H தயக்கம், I அடுத்த திகதி, J நிலை, K எப்படி அறிந்தார்.

பிறந்த திகதியை முதல் பேச்சிலேயே கேளுங்கள். அரச பாடசாலையில் தரம் 1க்கு, சேரும் ஆண்டின் ஜனவரி 31இல் பிள்ளைக்கு 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். உங்கள் பாடசாலை வேறு விதி வைத்திருக்கலாம். ஆனால் வயது குறைந்த பிள்ளையைச் சேர்த்துக்கொண்டால், பின்னால் அரச பாடசாலைக்கு மாற விரும்பும்போது வயது இடிக்கும். அதைப் பெற்றோரிடம் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

H நிரலில் "யோசிக்கிறார்" என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. அவர் சொன்ன காரணத்தை அவர் சொன்னபடியே எழுதுங்கள்: "வான் 6.15க்கு ஏறவேணும் எண்டால் பிள்ளை சாப்பிடாது", "தகப்பன் கட்டாரில, அவர்தான் முடிவு". அரச பாடசாலைக்கு விண்ணப்பித்தவர் என்றால் எந்தப் பிரிவில் என்பதையும் இங்கேயே குறியுங்கள். வீட்டுத் தூரத்தின்படியா, பழைய மாணவர் பிள்ளையாகவா, சகோதரர் அங்கே படிப்பதாலா? அந்தப் பாடசாலையின் மதிலை ஒட்டி வீடு, வாக்காளர் இடாப்பில் பல வருடப் பதிவு என்றால் அவருக்கு அங்கே இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பாலையூற்றில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு நகரப் பாடசாலைக்குப் போட்டவருக்கு வாய்ப்பு குறைவு. காத்திருப்போர் பட்டியலில் யாரை முதலில் கவனிப்பது என்பதை இந்த ஒரு குறிப்பு சொல்லிவிடும்.

I நிரல்தான் எல்லாவற்றுக்கும் அச்சாணி. ஒவ்வொரு பேச்சும் முடியும்போது அடுத்து என்றைக்குப் பேசுவது என்று திகதி போடாமல் அந்த வரிசையை விடக் கூடாது. காலையில் பொறுப்பாளர் பார்க்க வேண்டியது இன்றைக்குரிய பெயர்கள் மட்டுமே. விசாரிப்புகள் உள்ள தாளுக்கு "பதிவு" என்று பெயரிட்டு, இன்னொரு தாளில் இந்தச் சூத்திரத்தைப் போடுங்கள்:

```
=FILTER('பதிவு'!A2:K, 'பதிவு'!I2:I<>"", 'பதிவு'!I2:I<=TODAY(), 'பதிவு'!J2:J<>"முடிந்தது")
```

இது இன்றைக்கும் அதற்கு முன்னும் உரிய, இன்னும் முடியாத பெயர்களைக் கொண்டுவரும். இரண்டு இடத்தில் பிழைக்கும். நம்மவர்கள் வழக்கமாக எழுதுவது போல 05.06.2026 என்று புள்ளி வைத்தால் அதைத் திகதி என்று ஷீட்ஸ் ஏற்காமல் விடலாம். அப்போது அந்தப் பெயர் ஒரு நாளும் பட்டியலில் வராது, பிழை என்ற அறிவிப்பும் வராது. கண்டுபிடிப்பது சுலபம்: திகதியாக ஏற்கப்பட்டது கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், வெறும் எழுத்தாகக் கிடப்பது இடப்பக்கம் நிற்கும். `File > Settings > Locale` என்பதில் நாட்டைச் சரியாகத் தெரிவுசெய்யாவிட்டால் 05/06 ஜூன் 5 ஆகாமல் மே 6 ஆகிவிடும், அதையும் ஒருமுறை பாருங்கள். மற்றது தொலைபேசி எண். முன்னால் உள்ள பூச்சியத்தை ஷீட்ஸ் விழுங்கிவிடும். F நிரல் முழுவதையும் `Format > Number > Plain text` ஆக்கிவிட்டுத் தட்டத் தொடங்குங்கள்.

இந்தத் தாளில் சிறுவர்களின் விவரம் இருக்கிறது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதை மனதில் வைத்து, பார்க்கும் அனுமதியை இரண்டு மூன்று பேருக்கு மேல் கொடுக்காதீர்கள். வருகைப் படிவத்தின் அடியில் "அனுமதி பற்றித் தொடர்பு கொள்ளச் சம்மதம்", "பிள்ளையின் படத்தை வெளியிடச் சம்மதம்" என்று இரண்டு தனிப் பெட்டிகள் இருக்கட்டும். இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. படம் வேண்டாம் என்பவர் தொடர்பையும் சேர்த்து மறுத்துவிடுவார்.

ஓப்பன் டே நடக்கும் விதம்

மண்டபத்தில் எல்லாரையும் இருத்தி, மங்கள விளக்கேற்றி, தலைவர் உரை, அதிபர் உரை, நடனம் என்று இரண்டு மணித்தியாலம் போனால் பெற்றோர் பார்க்க வந்ததைப் பார்க்காமலே போவார்கள். ஐந்து வயதுப் பிள்ளை அரை மணித்தியாலத்தில் அழத் தொடங்கும், அழும் பிள்ளையோடு யாரும் கட்டணம் பற்றிப் பேச மாட்டார்கள். அதைவிட, நேரம் பிரித்து அழையுங்கள்: 9.00, 9.45, 10.30 என்று மூன்று அணி, அணிக்கு 8 குடும்பம். ஒரு குடும்பம் என்றால் தாய், தகப்பன், பிள்ளை மட்டுமல்ல. அம்மம்மாவும் கைக்குழந்தையும் வருவார்கள், எனவே அணிக்கு 30 கதிரை போடுங்கள்.

வாசலில் ஒரு மேசை, இரண்டு பேர். பெயரைக் கேட்டுப் பதிவேட்டில் பார்த்து, பிள்ளையின் சட்டையில் பெயர் ஒட்ட வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள், சிங்களம் பேசும் வீட்டுப் பிள்ளையானால் சிங்களத்தில். சீனக்குடா, கடற்படைத்தளப் பக்கத்திலிருந்து அப்படியான குடும்பங்களும் வரும் என்பதால் சிங்களம் சரளமாகப் பேசும் ஆசிரியை ஒருவர் வாசலிலேயே நிற்க வேண்டும்.

அங்கிருந்து பிள்ளைகள் ஒரு வகுப்பறைக்கும் பெற்றோர் சுற்றிப் பார்க்கவும் பிரிவார்கள். பிள்ளைகளின் அறையில் தண்ணீர், மணல், கட்டைகள், வரையும் தாள். ஆசிரியை எழுத்துக் கேட்கவோ எண் சொல்லச் சொல்லவோ கூடாது. "சோதிச்சுப் பார்க்கினம்" என்ற பேச்சு ஒன்று போதும், கூச்சமுள்ள பிள்ளைகளின் தாய்மார் வர மாட்டார்கள். ஆனால் ஆசிரியை ஒரு வேலை செய்யலாம். ஒவ்வொரு பிள்ளையும் எதில் லயித்திருந்தது என்று ஒரு வரி எழுதி வைக்கலாம். இந்த வரியின் பயன் திங்கட்கிழமை தெரியும்.

பெற்றோர் போகும் பாதையில் ஒரு வகுப்பு உண்மையாக நடந்துகொண்டிருக்க வேண்டும். சனிக்கிழமை என்பதால் தரம் 2 பிள்ளைகள் பத்துப் பேரை அவர்களின் பெற்றோர் சம்மதத்தோடு அழைத்து, வழக்கமான ஆங்கிலப் பாடம் ஒன்றை அரை மணித்தியாலம் நடத்தச் சொல்லுங்கள். மனப்பாடம் செய்த வரவேற்புப் பாட்டைவிட, ஒரு பிள்ளை பிழையாகச் சொல்ல ஆசிரியை அதை எப்படித் திருத்துகிறார் என்பதைத்தான் தாய்மார் உற்றுப் பார்ப்பார்கள். அடுத்துக் கழிப்பறையும் குடிநீரும். அங்கே அழைத்துப் போகாவிட்டாலும் அம்மம்மா தானே போய்ப் பார்த்துவிட்டு வருவார். சவர்க்காரம் இல்லாத கைகழுவும் தொட்டி, அதிபரின் முழு உரையையும் அடித்துவிடும்.

கடைசியாக அதிபரோடு பத்து நிமிடம். அவர் உரை நிகழ்த்த வேண்டாம், கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். இங்கே மூன்று கேள்விகள் எப்படியும் வரும், பதில் எழுதியே வைத்திருங்கள். "புலமைப்பரிசில் எழுதலாமா?" தரம் 5 பரீட்சை அரச பாடசாலைகளுக்கும் அரசு அங்கீகரித்த தனியார் பாடசாலைகளுக்கும் உரியது. சர்வதேசப் பாடசாலை என்றால் இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். "பிறகு அரச பாடசாலைக்கு மாறலாமா?" இடைத் தரங்களில் அங்கே வெற்றிடம் இருந்தால் விண்ணப்பிக்கலாம், உத்தரவாதம் இல்லை. "தமிழ் படிப்பிப்பீங்களா, சமயம்?" வாரத்துக்கு எத்தனை பாடவேளை, சைவம், இஸ்லாம், கிறிஸ்தவம் ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் யார் என்பதைச் சொல்லுங்கள். கிண்ணியாவிலிருந்து வரும் பெற்றோர் வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு விடுவீர்கள், பெண்பிள்ளைகளின் சீருடை எப்படி என்றும் கேட்பார்கள். "பார்த்துச் செய்யலாம்" என்று இழுத்தால் அது இல்லை என்றுதான் விளங்கும்.

கட்டணத்தாள் வாசலை விட்டுப் போகும்போது கையில் இருக்க வேண்டும். பதிவுக் கட்டணம், அனுமதிக் கட்டணம், தவணைக் கட்டணம், புத்தகம், சீருடை, வான், வருட நடுவில் வரும் விழாக் கட்டணம் உட்பட ஒரு வருடத்தின் முழுத் தொகையையும் ஒரே பக்கத்தில் அடியில் கூட்டிப் போடுங்கள். தவணைத் தொகையை மட்டும் பெரிதாக அடித்து மற்றதை "அலுவலகத்தில் கேட்கவும்" என்று விட்டால், பெற்றோர் உங்களிடம் கேட்பதில்லை. உங்கள் பாடசாலையில் படிக்கும் பிள்ளையின் தாயிடம் கேட்பார்கள், அவர் ஆதங்கத்தோடு சேர்த்துச் சொல்லும் தொகை உண்மையைவிடக் கூடியதாகவே இருக்கும்.

வான் பற்றி ஒரு சொல். கிண்ணியாவுக்கு எவ்வளவு நேரம், நிலாவெளிக்கு எவ்வளவு நேரம் என்பதைச் சாரதியின் வாயால் கேட்டு எழுதாதீர்கள். பாடசாலை நடக்கும் ஒரு நாள் காலையில், பிள்ளைகளை ஏற்றி நிறுத்தி வரும் வானில் ஒருவர் ஏறிப் போய், ஒவ்வொரு நிறுத்தத்தின் நேரத்தையும் குறித்து வரட்டும். வெறும் வானில் ஓடிப் பார்த்த நேரம் முதல் வாரத்திலேயே பொய்யாகும்.

திங்கட்கிழமை தொடங்கும் வேலை

நமது உதாரணப் பாடசாலையின் முதல் ஓப்பன் டேக்கு 24 குடும்பங்கள் நேரம் எடுத்தன, 17 வந்தன என்று கொள்வோம். வராத 7 பேருக்குச் சனி மாலையே ஒரு வாட்ஸ்அப்: அடுத்த வாரம் செவ்வாய், வியாழன் காலை 8.30க்கு வரலாம், எது வசதி? இரண்டு தெரிவு கொடுத்தால் ஒன்றைச் சொல்வார்கள், "எப்ப வேணுமெண்டாலும் வாங்க" என்றால் வர மாட்டார்கள். வந்த 17 பேருக்கும் அதே மாலை 7 மணிக்கு முன் நன்றிச் செய்தி, கட்டணத்தாளின் படம், கோல் எடுக்கப் போகும் ஆளின் பெயர். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

கோல் திங்கள் அல்லது செவ்வாய். எடுப்பவர் அன்று அந்தக் குடும்பத்தோடு நின்றவராக இருக்க வேண்டும். இப்படித் தொடங்கலாம்:

"வணக்கம் அம்மா, பாடசாலையில இருந்து கதைக்கிறன், சனிக்கிழமை உங்களைக் கூட்டிக்கொண்டு சுத்திக் காட்டினனான். மகள் அண்டைக்குத் தண்ணித் தொட்டியை விட்டிட்டு வரமாட்டன் எண்டு நிண்டவ, வீட்ட வந்து ஏதும் சொன்னவவா?"

ஆசிரியை எழுதி வைத்த அந்த ஒரு வரி இங்கே வேலை செய்கிறது. தாய் பிள்ளையைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவார், தயக்கமும் அதற்குள் வந்துவிடும். "முடிவு எடுத்திட்டீங்களா?" என்று தொடங்கிய கோல் "இன்னும் இல்லை" என்பதோடு முடிந்துவிடும். இஸ்லாமிய வீடு என்றால் ஸலாத்தோடு தொடங்குங்கள். லுஹர், மஃரிப் நேரங்களில் எடுக்காதீர்கள்.

இந்தச் சுற்று முடிய 17 பேரும் இப்படிப் பிரிகிறார்கள்: 4 பேர் பதிவுக் கட்டணம் கட்டிவிட்டார்கள், 8 பேர் அரச பட்டியலுக்குக் காத்திருப்பு, 3 பேருக்கு வான் அல்லது கட்டணத் தயக்கம், 2 பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். வேண்டாம் என்றவர்களிடம் காரணத்தை மட்டும் கேட்டுப் பதிந்து "முடிந்தது" போடுங்கள், மன்றாட வேண்டாம். தயக்கமுள்ள 3 பேரில் இருவர் கிண்ணியா, வான் நேரம்தான் பிரச்சினை. அங்கிருந்து இன்னும் மூன்று பிள்ளைகள் சேர்ந்தால் தனி வான் விடலாம் என்றால் அதையே சொல்லி, பதில் சொல்லும் திகதியையும் சொல்லுங்கள். அந்தத் திகதியில் வான் சரிவராவிட்டாலும் கோல் எடுத்துச் சரிவரவில்லை என்று சொல்ல வேண்டும்.

தகப்பன் வெளிநாட்டில் என்றால் தாயோடு நான்கு முறை பேசினாலும் முடிவு வராது. தாயிடம் கேட்டு, தகப்பனுக்கு வாட்ஸ்அப் கோல் ஒன்றுக்கு நேரம் வாங்குங்கள். கட்டார் நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால், டுபாய் ஒன்றரை. இங்கே இரவு 9 மணி என்றால் கட்டாரில் மாலை 6.30, வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பார். கட்டாரில் வெள்ளி விடுமுறை என்பதால் வெள்ளி மாலையும் நல்லது. அவர் பாடசாலையைப் பார்த்ததில்லை, எனவே வகுப்பறை, கழிப்பறை, வாசல் மூன்றையும் காட்டும் இரண்டு நிமிடக் காணொளியை முன்னரே அனுப்பிவிடுங்கள். பிள்ளைகள் யாருடைய முகமும் அதில் தெரியக் கூடாது.

காத்திருக்கும் 8 பேர்

இவர்களிடம் வாராவாரம் "என்ன ஆச்சு?" என்று கேட்டால் எரிச்சல்தான் வரும். அரச அனுமதியின் கட்டங்களே உங்கள் தொடர்பின் திகதிகள். நேர்முகப் பரீட்சை முடிந்த மறுநாள் ஒரு கோல், தற்காலிகப் பட்டியல் ஒட்டிய அன்று மாலை ஒரு செய்தி, மேன்முறையீட்டுக்குப் பிறகு ஒன்று, இறுதிப் பட்டியல் வந்ததும் ஒன்று. I நிரலில் இந்தத் திகதிகளையே போடுங்கள். சுற்றறிக்கை திகதி மாற்றினால் நிரலும் மாற வேண்டும்.

தற்காலிகப் பட்டியல் நாள் மாலை பேசும்போது பெயர் வராத வீட்டில் வருத்தமும் கோபமும் இருக்கும். அன்று விற்க வேண்டாம். மேன்முறையீட்டுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பதை ஞாபகப்படுத்தி, "இங்க மகனுக்கு இந்தத் திகதி வரைக்கும் இடம் வைச்சிருக்கிறம்" என்று மட்டும் சொல்லுங்கள். மேன்முறையீடு செய்யச் சொல்லும் பாடசாலையா என்று சிலர் ஆச்சரியப்படுவார்கள். எப்படியும் அவர்கள் அதைச் செய்யத்தான் போகிறார்கள்.

இடம் வைத்திருப்பதற்கு எழுத்தில் ஒரு விதி வேண்டும், இதில்தான் பல பாடசாலைகள் தடுமாறுகின்றன. பணம் திருப்பித் தரமாட்டோம் என்றால் காத்திருப்பவர் யாரும் இறுதிப் பட்டியலுக்கு முன் கட்ட மாட்டார். அப்போது இரண்டாவது ஆசிரியையை எடுப்பதா, எத்தனை மேசை செய்விப்பது என்பது வகுப்புத் தொடங்கும் வாரம் வரை தெரியாது. முழுவதையும் திருப்பித் தருவோம் என்றால் எல்லாரும் கட்டிவைத்துவிட்டு வகுப்புத் தொடங்கும் நாளில் வாங்க வருவார்கள். நடுவழி இது: பதிவுக் கட்டணம் திரும்பாது. அனுமதிக் கட்டணம், அரச பாடசாலையின் தரம் 1 அனுமதிக் கடிதத்தைக் குறித்த திகதிக்கு முன் காட்டினால் முழுவதும் திரும்பும், அதன் பின் திரும்பாது. அந்தத் திகதி இறுதிப் பட்டியலுக்குப் பிறகு ஏழு நாள் என்று இருக்கட்டும். இந்த வாசகம் பற்றுச்சீட்டின் முன்பக்கத்திலேயே அச்சாக வேண்டும். வாய்ப்பேச்சாக விட்டால் அலுவலகத்தில் ஒருவர் ஒன்று சொல்லியிருப்பார், காசாளர் இன்னொன்று சொல்வார். திருப்பிக் கொடுக்கும்போது மூன்று வேலைநாளுக்குள் கொடுங்கள். அந்தக் குடும்பத்தில் தம்பியோ தங்கையோ இருக்கலாம்.

நமது உதாரணத்தில் அந்த 8 பேரில் 5 பேர் இந்த விதியின் கீழ் கட்டி வைத்தார்கள், இறுதிப் பட்டியலில் இருவருக்கு அரச இடம் கிடைத்துப் பணம் திரும்பிப் போனது, மூவர் நின்றார்கள் என்று கொள்வோம். முன்னர் கட்டிய 4, இந்த 3, கிண்ணியா வான் சரிவந்ததால் 2, ஆக முதல் ஓப்பன் டேயிலிருந்து 9. வந்த 17 பேரில் 9 என்பது நாம் ஊகித்த மூன்றில் ஒன்றைவிடக் கூடியது. ஆனால் முதல் சுற்றுக் கோலோடு கணக்கை மூடியிருந்தால் அது 4 மட்டும்தான்.

எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பது

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான்கு எண்களை மட்டும் எடுங்கள்: விசாரிப்பு, நேரம் எடுத்தவர், வந்தவர், கட்டியவர். விசாரிப்பே குறைவு என்றால் விளம்பரத்தில் கோளாறு. விசாரிப்பு நிறைய இருந்தும் நேரம் எடுப்பவர் குறைவு என்றால் பதில் சொல்லும் வேகத்தைப் பாருங்கள். முகநூல் கேள்விக்கு மூன்றாம் நாள் பதில் போயிருக்கும். நேரம் எடுத்தும் வராவிட்டால் முதல் நாள் ஞாபகச் செய்தி போகவில்லை. வந்தும் கட்டாவிட்டால் H நிரலை ஒரே மூச்சில் மேலிருந்து கீழ் வாசியுங்கள், ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அது கட்டணமாக இருந்தால் தள்ளுபடிக்கு ஓடும் முன், மாதத் தவணையாகக் கட்ட வழி கொடுத்துப் பாருங்கள். அரச ஊழியர் வீடுகளில் தொகையைவிட ஒரேயடியாகக் கட்டுவதுதான் சிரமம். ஒருவருக்கு மட்டும் இரகசியமாகக் குறைத்த கட்டணம் வான் நிறுத்தத்தில் ஒரு வாரத்துக்குள் வெளிவரும், பிறகு எல்லாருக்கும் குறைக்க வேண்டிவரும்.

பதில் தராதவர்களை எவ்வளவு துரத்துவது? வேறு வேறு நேரத்தில் மூன்று கோல், கடைசியில் ஒரு செய்தி: "இடம் இந்தத் திகதி வரை இருக்கிறது, வேண்டுமானால் இந்த எண்ணுக்கு எழுதுங்கள்." அதன்பின் "முடிந்தது". பெயரை அழிக்க வேண்டாம், ஆனால் தொடர்புக்குச் சம்மதம் தராதவர், இனி வேண்டாம் என்றவர் ஆகியோரின் எண்ணை நீக்கிவிடுங்கள்.

வகுப்புத் தொடங்கியதும் L நிரல் ஒன்றைச் சேர்த்து, சேர்ந்த, சேராத எல்லா வீடுகளிலும் இளைய பிள்ளை இருந்தால் அதன் பிறந்த ஆண்டை எழுதுங்கள். சேர்ந்தவர்களிடம் அதைக் கேட்கச் சிறந்த நேரம் பணம் வாங்கும் வேளையல்ல, முதல் மாதப் பெற்றோர் சந்திப்பு. எந்த ஆண்டில் யாருக்கு முதல் செய்தி போக வேண்டும் என்பது அந்த நிரலைப் பார்த்தாலே தெரியும்.